கோடு போட்ட நாட்கள்

எக்செல்லில் கட்டங்களுக்கு நிறம் அடிக்கத் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதுதான் அந்த வேலையை என் தலையில் கட்டியது. பதுளையில் காசநோய்க்கு மருந்து கொடுக்கிற கிளினிக்கில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர்தான் பெரிது. எந்த அபிவிருத்தியும் என் கையால் நடந்ததில்லை. கடிதம் அடிப்பேன், பதிவேடு எழுதுவேன், சிங்களம் சரியாக வராத தோட்டத்து நோயாளிக்கும் தமிழ் தெரியாத டொக்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவேன்.

டொக்டர் ஒரு பெண். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அதுதான் பயம். அவர் சிகிச்சை அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, இதை யாராவது ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

காசநோய்க்காரர் ஒவ்வொருவருக்கும் மடிக்கிற மாதிரி ஓர் அட்டை உண்டு. உள்ளே கட்டங்கள். மேலே திகதிகள், பக்கத்தில் மாதங்கள். மருந்து கொடுப்பவரின் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினால் அந்தக் கட்டத்தில் ஒரு சரி. விழுங்காமல் விட்டால் ஒரு வட்டம். லீவு நாளுக்கோ பயணத்துக்கோ மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அத்தனை நாளுக்கும் குறுக்கே ஒரு நீளக் கோடு. ஒருவருடைய அட்டையைப் பார்த்தால் அவர் கதை தெரிந்துவிடும். ஆனால் இந்த மாதம் மாவட்டத்தில் யார் யார் மருந்தை விட்டார்கள், யாருக்குச் சளி பார்க்கிற நாள் வந்துவிட்டது என்று கேட்டால், எல்லா அட்டையையும் விரித்துப் போட்டு மேசையில் புரள வேண்டும்.

நான் மாதத்துக்கு ஒரு பக்கம் செய்தேன். ஆளுக்கு ஒரு வரிசை. மருந்து தொடங்கிய திகதியைப் போட்டால் இரண்டாம் மாத முடிவு, ஐந்தாம் மாத முடிவு, ஆறாம் மாத முடிவு என்று சளிப் பரிசோதனை நாட்கள் தாமாகவே வந்து உட்காரும். எடுத்த நாளும் முடிவும் பக்கத்தில். கண் முன்னால் விழுங்கிய நாளுக்குப் பச்சை. விட்ட நாளுக்குச் சிவப்பு. கோடு போட்ட நாளுக்கு மஞ்சள். சிவப்பு தொடர்ந்து வந்தால் வரிசையின் கடைசியில் ஒரு கொடி விழும். மஞ்சள் ஒரு வாரத்துக்கு மேல் நீண்டாலும் ஒரு கொடி விழும், 'வெற்று மாத்திரை அட்டையைப் பார்க்கவும்' என்று.

மஞ்சளைச் சொல்லித் தந்தவர் எங்கள் பீ.எச்.ஐ. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, நோயாளி வரவில்லையென்றால் மோட்டார் சைக்கிளில் மலையேறி அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள். கோடு போட்டால் கொடுத்தது என்றுதான் அர்த்தம், முழுங்கினது என்று அர்த்தமில்லை, திரும்பி வரும்போது மாத்திரை எடுத்த வெறும் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நிச்சயம் என்று விளக்கினார். நான் செய்து முடித்ததைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி அழகா இருக்கே, என்ன பாடம் மிஸ் முதல்ல என்று கிண்டல் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் கணவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

அட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வரும்போது நமுனுகுலப் பக்கத்து அட்டை ஒன்று கையில் வந்தது. தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். டிவிஷனைப் பார்த்தேன். லயத்தின் எண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பெயரைப் பார்த்தேன், அதைப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அது நான் பிறந்த லயக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. நோயாளி என் அண்ணன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் யாருக்கும் நான் லயத்திலிருந்து வந்தவள் என்று தெரியாது. நான் பொய் சொன்னதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பதுளை என்பேன். கல்யாணமாகி டவுனில்தானே இருக்கிறேன். கணவர் ஆசிரியர். மாமனார் ஓய்வுபெற்ற அதிபர். கல்யாணத்தோடு என் முதலெழுத்தும் மாறிவிட்டது, ஆகவே அட்டையில் அண்ணன் பெயரைப் பார்த்து யாரும் என் பெயரோடு சேர்க்க முடியாது. தோட்டத்துக்காரர்கள் வரிசையில் நின்று சத்தம் போட்டால், "இவங்க இப்பிடித்தான்" என்று தாதி முணுமுணுப்பார். நான் சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அண்ணன் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகள். நான் படிக்க வேண்டும் என்று அவன் படிப்பை விட்டான் என்று கதை சொல்ல எனக்கு விருப்பம்தான். உண்மை அதுவல்ல. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, அவனே வெட்கமில்லாமல் அதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு, என்னைப் பதுளைக்குப் பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான். பஸ் கிளம்பும்வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே நிற்பான். பேச்சு ஒன்றும் இருக்காது. நிற்பான், அவ்வளவுதான்.

அவனுக்கு இருமல் என்று எனக்குத் தெரியும். பெக்டரி தூசி என்று போனில் சொல்லியிருந்தான். சளியில் கிருமி என்று எழுதப்பட்ட அட்டை என் கையில் இருந்த அந்த நேரத்தில் முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? பயமில்லை. ஐயோ பாவம் என்றும் வரவில்லை. பக்கத்து மேசையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்த வரிசையையும் எல்லா வரிசையையும் போல ஏற்றினேன். பச்சை, பச்சை, பச்சை. அவன் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தைத் தாண்டித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், வெறும் வயிற்றில் மருந்து கொடுக்கிற ஐயா முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் பெக்டரிக்குப் போயிருக்கிறான். எனக்குப் போன் எடுக்க வேண்டுமென்று தோன்றியது. எடுக்கவில்லை. அவனாகச் சொல்லாததை நான் எப்படித் தெரிந்ததாகக் காட்டுவது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதம் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. கணவரோடும் மாமனார் மாமியாரோடும் போனேன். அண்ணன் காப்புக் கட்டியிருந்தான். எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும்வரை வீட்டுக்குப் போக மாட்டார்கள். கோயில் மண்டபத்திலேயே படுக்கை, மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் ஒன்றாகக் குளிப்பு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூசு. மஞ்சள் வேட்டியில் அண்ணன் ஒரு சுற்று இளைத்துத் தெரிந்தான். மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எட்டியே நின்றான், விரதம் என்று. அது விரதத்துக்காக மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

பூசைக்குத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் பீலிப் பக்கம் அவனைத் தனியாகப் பிடித்தேன். மாத்திரை போடுறியா என்றுதான் கேட்டேன். அவன் முகம் மாறியது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நான் வேலை செய்கிற இடம் அவனுக்குத் தெரியாதா என்ன.

"திருவிழா முடியட்டும் பாப்பா. அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு செவப்பாப் போகுது. இங்க எல்லாரும் ஒரே எடத்துல. ஒருத்தன் பாத்தாப் போதும், தோட்டம் பூரா தெரிஞ்சிரும்."

அந்த மருந்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது நல்ல அடையாளம், மருந்து உடம்பில் சேர்கிறது என்று நாங்களே கிளினிக்கில் நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்புவோம். தனிக் கக்கூசு இருக்கிறவர்கள் எழுதிய அறிவுரை அது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டிஸ்பென்சரி ஐயாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். காப்புக் கட்டினால் கோயிலை விட்டு வர முடியாது என்று சொன்னானாம். அவர் திருவிழா நாளுக்கெல்லாம் சேர்த்து மாத்திரையைக் கொடுத்து அட்டையில் கோடு போட்டுவிட்டாராம். கையில் காப்போடு நிற்கிறவனிடம், நீ முழுங்குவாயா என்று எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். மாத்திரை எல்லாம் காம்பராவில் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது என்றான், ஏதோ எனக்காகச் சேமித்து வைத்திருப்பதைப் போல.

நான் அப்போது அவனைத் திட்டியிருக்க வேண்டும். காப்பும் கிடக்கட்டும், கக்கூசும் கிடக்கட்டும், போய் விழுங்குடா என்று சொல்லியிருக்க வேண்டும். நாள் தவறினால் கிருமி பழகிவிடும், பிறகு எந்த மருந்துக்கும் அசையாது என்று ஊருக்கெல்லாம் ஒப்பிக்கிறவள் நான். ஆனால் மண்டபத்துப் பக்கம் பார்த்தேன். மாமியார் பாயில் உட்கார்ந்து எங்கள் லயத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தால் முதலில் போய்ச் சேருகிற காது அதுதான்.

"சரி, யாருக்கும் தெரியாமப் பாத்துக்க," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் தலையாட்டினான். நிம்மதியாகத் தலையாட்டினான், அதுதான் இன்னும் கொல்கிறது.

மாத முடிவில் தோட்டத்து டிஸ்பென்சரிகளிலிருந்து அட்டைகளின் படங்கள் போனுக்கு வந்தன. நான் ஏற்றினேன். அண்ணன் வரிசையில் திருவிழா நாட்கள் முழுக்க மஞ்சள். கடைசியில் நானே செய்த கொடி விழுந்து நின்றது, வெற்று மாத்திரை அட்டையைப் பார்க்கவும் என்று. அந்தக் கொடியைக் கண்டால் பீ.எச்.ஐ. அடுத்த நாளே மோட்டார் சைக்கிளை எடுப்பார். லயத்துக்குப் போய் காம்பரா வாசலில் நிற்பார். டின்னைத் திறக்கச் சொல்வார். அதற்குப் பிறகு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

அதே நேரத்தில் டொக்டர் இன்னொரு விஷயத்துக்காக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். மாதக் கூட்டத்துக்கு, ஆளுக்கு நூற்றுக்கு எத்தனை நாள் மருந்து எடுத்தார் என்று ஒரே எண் வேண்டும். மஞ்சளை எதில் சேர்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு யோசனை முடிந்தது. கோடு என்றால் எடுத்ததாகக் கணக்கு என்று விதியை மாற்றினேன். அண்ணனுக்கு மட்டும் மாற்றவில்லை. எல்லாருக்கும் மாற்றினேன். ஒருத்தருக்கு மாற்றினால் அது பொய், எல்லாருக்கும் மாற்றினால் அது விதி என்று என் மூளை எவ்வளவு சுத்தமாக வேலை செய்தது பாருங்கள். மஞ்சள் எல்லாம் ஒரே நொடியில் பச்சையாகின. கொடிகள் மறைந்தன. நூற்றுக்கு நூறு என்று அண்ணன் பெயருக்கு நேரே எழுந்து நின்றது.

கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். டொக்டர் பாராட்டினார். பீ.எச்.ஐ. மட்டும், மஞ்சள் எங்க போச்சு மிஸ் என்று கேட்டார். சுலபமாக இருக்கட்டும் என்று பச்சையோடு சேர்த்துவிட்டேன் என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டீயைக் குடித்தார்.

இரண்டாம் மாதம் முடிந்து அண்ணனுக்குச் சளி கொடுக்கிற நாள் வந்தது. அந்தத் திகதியை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, நான் செய்த பக்கமே அதைக் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. தாதியும் இன்னொரு உத்தியோகத்தரும் நானும் நடையில் நின்று எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். முகக்கவசம், தேய்த்த சட்டை, கையில் சிவப்பு மூடி போட்ட சளிக் குப்பி. விடியற்காலைச் சளியை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வந்திருந்தான், மற்றதை இங்கே கொடுக்க வேண்டும்.

என்னைப் பார்த்தான். என் பக்கத்தில் நின்றவர்களையும் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு எட்டி நின்று, குரலைத் தோட்டத்து ஆள் அதிகாரியிடம் பேசுகிற குரலாக்கிக்கொண்டான்.

"மிஸ், சளி எங்கங்க குடுக்கணும்?"

என்னை அவன் மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்தேன்? அந்நியருக்குச் சொல்வதைப் போல, கட்டடத்துக்குப் பின்னால் திறந்த இடம் இருக்கு, அங்க போங்க என்று கையைக் காட்டினேன். நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் போனான். தாதி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். நானும் சிரித்தேன்.

முடிவு வந்தது. கிருமி இன்னும் இருந்தது.

டொக்டர் அவனை வரவழைத்தார். அறையில் டொக்டர், பீ.எச்.ஐ., மடிக்கணினியோடு நான். மொழிபெயர்ப்பது என் வேலை, அதனால் நான் இருந்தாக வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அண்ணன் கதவோரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். டொக்டர் திரையில் அவன் வரிசையைப் பார்த்தார். ஒருநாள் கூடத் தவறாமல் எடுத்திருக்கிறார், அப்படியிருந்தும் கிருமி சாகவில்லை என்றால் இந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம் என்றார். சளியை மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் முடிவு வரும்வரை இவரை வீட்டில் பிள்ளைகளோடு விட முடியாது, கொழும்புப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க எழுதுகிறேன் என்றார். அடங்காத கிருமி என்று உறுதியானால் மாதக்கணக்கில் அங்கே இருக்க வேண்டி வரலாம். கடைசித் தடவையாகக் கேட்டுப் பாருங்கள், ஏதாவது நாள் விட்டாரா என்று.

நான் தமிழில் கேட்டேன். அவன் திரையைப் பார்த்தான். அவன் பெயருக்கு நேரே பச்சையாக ஓடிய வரிசையைப் பார்த்தான். அந்த நிறத்தின் அர்த்தம் அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அதைப் போட்டது யார் என்பதும் விளங்கிவிட்டது.

"இல்லீங்க. மிஸ் எழுதியிருக்கிறது சரிதாங்க."

இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தெரியாத ஊரில், தெரியாத மொழிக்காரர்களுக்கு நடுவில் போய்ப் படுக்கத் தயாராகிவிட்டான், என் கணக்கு பிழை என்று ஆகிவிடக் கூடாதென்று. டொக்டர் பேனாவைத் திறந்தார்.

"டொக்டர், அது சரியில்லை," என்று சிங்களத்தில் சொன்னேன். "திருவிழா நாட்களில் இவர் ஒரு மாத்திரையும் எடுக்கவில்லை. எனக்குத் தெரியும். இவர் என்னுடைய அண்ணன்."

அண்ணனுக்குச் சிங்களம் பெக்டரி அளவுக்குத் தெரியும். கடைசி வார்த்தை நிச்சயம் தெரியும். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"ஐயோ இல்லீங்க. மிஸ் வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றாங்க. எனக்கு இவங்களத் தெரியாதுங்க."

பீ.எச்.ஐ. கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். கிண்டல் இல்லாத குரலில் அவர் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எனக்குத் தெரியும் மிஸ். வீட்டு ஆக்களுக்கு நோய் இருக்கான்னு பாக்கப் போன அன்னைக்கே, சுவத்துல உங்க கல்யாணப் படம் இருந்திச்சு. அடுத்த தடவை போனப்ப படம் இல்ல. ஆணி மட்டும் இருந்திச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

படத்தைக் கழற்றியது அண்ணன்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான், திருடிப் பிடிபட்டவன் மாதிரி. அவன் ஏன் குனிய வேண்டும்? அந்த அறையில் குனிய வேண்டிய தலை ஒன்றுதான் இருந்தது.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மஞ்சள் எப்போது பச்சையானது என்று கேட்டார். சொன்னேன். குரல் தாழ்ந்தது. நீங்கள் மறைத்தது உங்கள் அண்ணனை மட்டுமல்ல, கோடு போட்ட ஒவ்வொருவரையும் மறைத்துவிட்டீர்கள், இந்தப் பக்கத்தை நம்பி நான் அடங்காத கிருமி என்று எழுதப் போனேன், இன்னொருவருக்கு நல்லாயிருக்கிறார் என்று எழுதியிருப்பேன், இதை நான் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

அண்ணனுக்கு முழுவதும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் யாரைத் திட்டுகிறது என்று புரிந்துவிட்டது. மறுபடி எழுந்தான். இந்த முறை பீ.எச்.ஐ. சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. என் தங்கச்சிதான். மாத்திரையப் போடாதது நான். டின்னுல இருக்கு, கொண்டாந்து காட்டுறேன். அவ வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்க."

எனக்கு அவமானம் வரக் கூடாதென்று என்னைத் தெரியாது என்றவன், எனக்கு ஆபத்து என்றதும் தங்கச்சி என்கிறான். இரண்டும் ஒரே மூச்சில். நான் அவனைத் தெரியாது என்று நடந்துகொண்டதும் எனக்காகத்தான், அண்ணன் என்று சொன்னதும் பாதி எனக்காகத்தான், என் நெஞ்சு தாங்காமல். அதை அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் பேசியதை டொக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்பதுகூட மறந்துபோய் அழுதேன். பீ.எச்.ஐ. தான் மொழிபெயர்த்தார்.

டொக்டர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, அந்த நாட்களைச் சிவப்பாக்குங்கள் என்றார். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பாக்கினேன். ஒரே இழுப்பில் செய்திருக்கலாம். செய்யவில்லை. கொடி விழுந்தது. விட்ட நாட்களால்தான் கிருமி தங்கியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுவே காரணமாக இருக்க நியாயம் உண்டு என்று டொக்டர் சொன்னார். உடனே கொழும்புக்கு அனுப்ப வேண்டியதில்லை, அவசரப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்ப்போம், அதுவரை பதுளையிலேயே தனியாக ஒரு கட்டில். அந்த முடிவு சீக்கிரம் வந்தது. மருந்துக்கு அடங்குகிற கிருமிதான். விட்ட நாட்களை முழுவதும் ஈடு செய்த பிறகே தொடக்க மாதங்களுக்குரிய நான்கு மருந்தை இரண்டாகக் குறைப்பது, மூன்றாம் மாத முடிவில் மறுபடி சளி பார்ப்பது என்று தீர்மானமானது. டிஸ்பென்சரி ஐயாவுக்குப் போன் போட்டு, இனிமேல் காப்புக் கட்டினாலும் காவடி எடுத்தாலும் கோடு கிடையாது, கோயிலுக்கே போய்க் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் பீ.எச்.ஐ.

எனக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று சில நேரம் நினைப்பேன், அதுவும் ஒரு நடிப்புத்தான். மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்து, மறைந்துபோன கொடிகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். பீ.எச்.ஐ. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். பெரும்பாலானவர்களிடம் வெற்று அட்டை இருந்தது. தெமோதரைப் பக்கத்தில் ஒரு கொழுந்தெடுக்கிற அம்மா மட்டும், வாந்தி வருகிறது என்று மாத்திரையை விட்டுவிட்டு அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாராம். யாராவது வருவார்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் வரவில்லையே என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை பீ.எச்.ஐ. அப்படியே கொண்டுவந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் என் அண்ணனை ஒளித்த இடத்தில் அந்த அம்மாவும் சேர்ந்து ஒளிந்துபோயிருக்கிறார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர், அண்ணனுக்கு எப்படி இருக்கு என்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் மாத முடிவில் அண்ணன் சளி கொடுக்க வந்தான். உடம்பு தேறியிருந்தான். நடையில் கூட்டம், புதிதாக வந்த இரண்டு பயிற்சித் தாதிகளும் என்னோடு நின்றார்கள். அவன் பழையபடி எட்டி நின்றுகொண்டான், நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்துவிட்டுத் தன் பக்கத்தைத் தீர்மானிப்பதற்காக. குப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அந்தக் குப்பியில் கிருமி இல்லை என்று அடுத்த கிழமை தெரிந்தது, அன்றைக்கு அது தெரியாது.

நான் அவன் பக்கம் போனேன். வா, இடத்தைக் காட்டுறேன் என்று சொல்லி முன்னால் நடந்தேன். அண்ணே என்றும் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது உண்மை. மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.